பிரேக்அவுட்டுக்குப் பிறகு ஸ்டாப் லாஸ் பாக்ஸுக்குள் எந்த இடத்தில்?

கேள்வி: விலை மேலும் கீழும் திரும்பிக்கொண்டே இருக்கும் பாக்ஸின் மேல் கோடு உடைந்ததும் வாங்குகிறேன். கோட்டுக்கு ஒட்டிக் கீழே ஸ்டாப் வைத்தால் அதை அடித்துவிட்டு மேலே போகிறது. பாக்ஸுக்கு அடியில் வைத்தால் நஷ்டம் பெரிதாகிறது. எங்கேதான் வைப்பது?

பாக்ஸின் மேல் பாதியில், உடைவதற்கு முன் விலை கடைசியாகத் திரும்பிய சிறு தாழ்வுக்குக் கீழே வையுங்கள்.

டெய்லி சார்ட்டில் ஒரு பங்கு ஆறு வாரமாக 400-க்கும் 424-க்கும் நடுவில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே மூன்று முறை, கீழே இரண்டு முறை திரும்பியிருக்கிறது. ஒரு நாள் மட்டும் கேண்டிலின் மேல் நுனியான விக் 426-ஐத் தொட்டு, விலை 422-இல் முடிந்தது. அந்த ஒற்றை விக்குக்காகக் கோட்டை உயர்த்த வேண்டாம், பல கேண்டில்கள் திரும்பிய 424-தான் கோடு. ஒரு நாளில் விலை சராசரியாக ஆடும் அளவான ஏடிஆர், 14 நாள் கணக்கில் 7 ரூபாய். கடைசி முறை 424-இலிருந்து இறங்கியபோது விலை 400 வரை போகவில்லை, 416-லேயே வாங்க ஆள் வந்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் 427-இல் முடிகிறது, அங்கே வாங்குகிறீர்கள்.

423-இல் ஸ்டாப் வைத்தால் இடைவெளி 4 ரூபாய். தினமும் 7 ரூபாய் ஆடும் பங்கு அதைச் சாதாரணமாகவே தொடும். அதோடு உடைந்த கோட்டை வந்து தொட்டுப் பார்க்கும் ரீடெஸ்ட்டும் அடிக்கடி நடக்கும். 399-இல் வைத்தால் 28 ரூபாய் போகலாம். ஆனால் பாக்ஸின் உயரமான 24-ஐ 424-உடன் கூட்டினால் இலக்கு 448, வரவு 21 ரூபாய்தான். இது கட்டுப்படியாகாது.

415 சரியான இடம். 416-இல் வாங்கியவர்கள்தான் விலையைக் கோட்டைத் தாண்டித் தள்ளியவர்கள். அந்தத் தாழ்வே உடைந்தால் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள், 400 வரை காத்திருந்து தெரிந்துகொள்ள எதுவுமில்லை. இடர் 12, வரவு 21. 2 லட்சம் ரூபாய் முதலீட்டில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் இழக்கச் சம்மதம் என்றால் 2,000-ஐ 12-ஆல் வகுத்து 166 பங்கு. குவான்டிட்டியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப ஸ்டாப்பை நகர்த்துவதுதான் பலரும் செய்யும் பிழை.

அப்படிச் சிறு தாழ்வே இல்லாவிட்டால் பாக்ஸின் நடுப்புள்ளி, இங்கே 412. பாக்ஸ் உயரம் ஏடிஆரைப் போல இரண்டு மடங்குகூட இல்லையென்றால் உள்ளே ஸ்டாப் வைக்க இடமே கிடையாது, அதை விட்டுவிடுங்கள். பிரேக்அவுட் கேண்டில் 436-இல் முடிந்தாலும் வாங்காதீர்கள். 415 வரை 21 ரூபாய் இடர், 448 வரை 12 ரூபாய்தான் மிச்சம். 424 பக்கம் ரீடெஸ்ட் வந்தால் பார்க்கலாம்.

டெலிவரியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும். தினமும் காலையில் மறுபடி போடுங்கள், அல்லது அன்றோடு ரத்தாகாமல் விலை தொடும்வரை காத்திருக்கும், புரோக்கர் தரும் ஜிடிடி வசதியில் போட்டு வையுங்கள். காலையில் 409-இல் கேப் டவுனாகத் திறந்தால் 415 கிடைக்காது. 166 பங்குக்கு நஷ்டம் 2,000 அல்ல, கிட்டத்தட்ட 3,000. காலாண்டு முடிவு வெளியாகும் நாளுக்கு முன் பாதியைக் குறைத்துவிடுவது நல்லது.