பத்து இருபதுக்கு ஏறி ஆறு ஐந்துக்கு இறங்கினால்: நைட் ஷிப்ட் கணக்கு

மணலியில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பஞ்ச் கார்டு பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

எண்ணூரிலிருந்து: "அண்ணே, நைட் 10.20க்கு உள்ள போனேன், காலைல 6.05க்கு வெளிய வந்தேன். 22.20ல 6.05 போனா 16.15 வருது. அவ்வளவு நேரமா வேலை பார்த்தேன்?"

இல்லை தம்பி. 16.15 என்பது அந்த இருபத்து நான்கு மணியில் நீங்கள் வெளியே இருந்த நேரம். இறங்கிய நேரம்தான் மேலே வர வேண்டும். நள்ளிரவைத் தாண்டியதால் அதோடு 24 கூட்டுங்கள்: 30.05. ஐந்து நிமிடத்தில் இருபது போகாது. ஒரு மணியைக் கடன் வாங்கினால் அது அறுபது நிமிடமாக வரும்: 29 மணி 65 நிமிடம். அதில் 22.20 போனால் 7 மணி 45 நிமிடம்.

இதையே கால்குலேட்டரில் போட்டால் 7.85 காட்டும். அதற்குக் கடன் என்றால் நூறுதான். கடன் வாங்கும் இடத்தில் எல்லாம் இந்த நாற்பது கூடுதலாக வரும், அதைக் கழித்துவிடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: "கழிக்கும்போதுதான் கால்குலேட்டர் தப்பு பண்ணும். கூட்டலுக்குப் பிரச்சினை இல்ல, நான் வருஷக்கணக்கா அப்படித்தான் போடுறேன்."

நிமிடங்கள் சேர்ந்து அறுபதைத் தொடாதவரை நீங்கள் சொல்வது சரி. தொட்டால்தான் ஆபத்து. மூன்று நாள் கணக்கு: 7.45, 7.50, 8.10. கால்குலேட்டர் 23.05 என்கிறது. கையால் போடுங்கள்: நிமிடம் 105, அதாவது 1 மணி 45. மணி 22. மொத்தம் 23 மணி 45 நிமிடம். நாற்பது நிமிடம் காணோம். 7.85 என்றால் எண்பத்தைந்து நிமிடம் ஏது என்று கண் உடனே பிடிக்கும். 23.05 ஒழுங்கான நேரம் மாதிரியே உட்கார்ந்திருக்கும். நானும் ஒரு மாதம் முழுக்க இப்படிக் கூட்டி ஒருவருக்குச் சம்பளம் குறைந்துபோனது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதனால் மணியைத் தனியாக, நிமிடத்தைத் தனியாகக் கூட்டுங்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: "எனக்கு ஷிப்ட் எல்லாம் இல்லீங்க. டிக்கெட்டுல 12ஆம் தேதி 00.15னு இருக்கு. 12ஆம் தேதி ராத்திரி கிளம்பினா போதும்ல?"

போதாதம்மா, அதற்கு முந்தின இரவே வண்டி போயிருக்கும். 00.15ஐ 11ஆம் தேதியின் 24.15 என்று எழுதிக்கொள்ளுங்கள். சென்ட்ரலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி வைத்தால், 23 மணி 75 நிமிடத்தில் 45 போக 23.30. 11ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டேஷனில் காத்திருக்கும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

வியாசர்பாடியிலிருந்து: "7.45ஐ மணிக்கூலியால பெருக்கினா சரியா? சாப்பாட்டு அரைமணியைக் கழிக்கணுமா?"

பெருக்கும்போது மட்டும் 45ஐ அறுபதால் வகுத்து 7.75 ஆக்குங்கள். மணிக்கு 100 ரூபாய் என்றால் 775. 745 போட்டால் 30 ரூபாய் போச்சு. சாப்பாட்டு நேரம் உங்கள் இடத்து விதியைப் பொறுத்தது. கழிப்பார்கள் என்றால் 7.15, அது பெருக்கலுக்கு 7.25.