சேலைப் படங்களின் நிறத்தட்டில் பின்னணி முந்திக்கொள்வது ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் புடவைக்கடைப் படங்களின் முக்கிய நிறங்களை எடுக்க, படப்புள்ளிகளை நிறவாரியாகக் குழுக்களாகப் பிரிக்கும் k-means முறையை ஓட்டினால் சாம்பல் வெள்ளையே முதல் நிறமாக வருகிறது, சரிகை நிறம் வருவதேயில்லை. ஏன்?

அந்த முறை நிறத்தின் கவர்ச்சியை அறியாது. படப்புள்ளிகளின் எண்ணிக்கையையே பார்க்கிறது. ஆகவே, படத்தின் ஓரங்களிலிருந்து பின்னணி நிறத்தை எடுத்து, நிற வேறுபாட்டைக் கண் உணர்வதை ஒட்டி அளக்கும் Lab நிறவெளியில் அதற்கு மிக நெருங்கிய புள்ளிகளை முதலில் நீக்குங்கள். வெண்பட்டுச் சேலையென்றால் சேலையும் சேர்ந்து அழிந்துவிடும். அதற்குக் கையால் எல்லை வரைவதே நல்லது.

சரிகையின் சிக்கல் வேறு. அரக்குச் சேலையில் 3 சதவீதமே உள்ள பொன்னிறம், 5 குழுக்களாகப் பிரிக்கும்போது அரக்கோடு கலந்து, துணியில் எங்குமே இல்லாத ஒரு மண்ணிறமாக வெளிவரக்கூடும். 12 குழுக்களாகப் பிரித்து, நெருங்கியவற்றைப் பின்னர் இணையுங்கள்; சராசரிக்குப் பதிலாக, குழு மையத்துக்கு மிக அருகிலுள்ள உண்மையான புள்ளியின் நிறத்தையே, அதன் விழுக்காட்டுடன் அறிக்கையில் இடுங்கள்.