முகாமில் சர்க்கரை 11.6 என்றால் நீரிழிவா?

"சமூக மன்ற முகாமில் விரலில் குத்திப் பார்த்தார்கள், 11.6 காட்டியது. எனக்குச் சர்க்கரை வியாதியா? ஏன் மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள்?"

சாப்பிட்ட நேரத்தைப் பார்க்காமல் எடுக்கும் அளவுக்கு ரேண்டம் என்று பெயர். அதில் லிட்டருக்கு 11.1 மில்லிமோலைத் தொட்டால் நீரிழிவுச் சந்தேகம் எழும். ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள்.

காரணம், விரல்நுனிக் கருவி 15 சதவீதம் வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம். உண்மையில் 10.1 இருப்பது 11.6 ஆகத் தெரியலாம். பழம் உரித்த கையைக் கழுவாமல் நீட்டினாலும் அளவு ஏறும் (இது அடிக்கடி நடப்பது). காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரையும் ஏற்றிவிடும். மாலை ஆறு மணிக்கு எம்ஆர்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க இதே கூட்டம்தான் என்று சொல்வதைப் போன்றது அந்த ஒரு துளி ரத்தம்.

அதனால் பாலிகிளினிக்கில் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தும் 7.0 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகம் உறுதியாகும். அதற்காக முந்தைய வாரம் மட்டும் பத்தியம் இருக்காதீர்கள், வழக்கம்போலச் சாப்பிடுங்கள். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மறுபரிசோதனை என்றதும் "முதல் அளவு தப்பு, விட்டுவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முதல் அளவு சரியாகவும் இருக்கலாம் என்பதால்தான் திரும்ப அழைக்கிறார்கள்.