குடிநீரில் கழிவுநீர்: நோய்த் தேதிகளையும் ஆய்வறிக்கையையும் கடிதத்தில் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வசிக்கிறோம். ஜூலை கடைசி வாரம் எங்கள் தெருவில் சாக்கடைக் கால்வாய்க்காகத் தோண்டினார்கள். செப்டம்பர் 3 முதல் குழாய்த் தண்ணீர் கலங்கலாகவும் நாற்றத்துடனும் வருகிறது. 4 முதல் 9ஆம் தேதிக்குள் 17 பேருக்கு வயிற்றுப்போக்கு. 8ஆம் தேதி இருவருக்கு மஞ்சள் காமாலை. 10ஆம் தேதி எங்கள் சம்ப் தொட்டித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம், ஈ.கோலை இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. ஊராட்சியில் கேட்டால், "உங்கள் தொட்டியைக் கழுவுங்கள்" என்கிறார்கள். தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டு யாருக்கு, எப்படி எழுதுவது?

பதில்: கடிதம் எழுதுவதற்கு முன், அதில் நீங்கள் வைக்கப்போகும் இரண்டு ஆதாரங்களையும் எதிர்த்தரப்பின் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500:2012) 100 மில்லிலிட்டர் நீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமியான ஈ.கோலை கண்டறியப்படவே கூடாது என்கிறது. எனவே உங்கள் அறிக்கை வலுவானதுதான். ஆனால் அந்த நீர் உங்கள் வீட்டுத் தொட்டியில் எடுக்கப்பட்டது. வழங்கப்பட்ட நீர் நன்றாக இருந்தது, அசுத்தம் உங்கள் தொட்டியில் சேர்ந்தது என்று ஊராட்சி சொன்னால், அதை மறுக்க அந்த அறிக்கை மட்டும் போதாது. அவர்கள் இப்போது வாய்மொழியாகச் சொல்வதும் அதைத்தான்.

ஆகவே, தாமதிக்காமல் மூன்று இடங்களில் புதிய மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து வரும் முதல் குழாய், தோண்டிய இடத்தைத் தாண்டிய தெருக்குழாய், தொட்டியில் சேராமல் நேரடியாக நீர் வரும் ஒரு வீட்டுக் குழாய். முதல் மாதிரி தூய்மையாகவும் மற்ற இரண்டும் அசுத்தமாகவும் இருந்தால், கோளாறு இடையிலுள்ள குழாயில்தான் என்பதை ஆய்வறிக்கையே பெரிதும் காட்டிவிடும். மாதிரிக்கான கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். நீரில் உள்ள குளோரினைச் செயலிழக்கச் செய்யும் மருந்து அதில் இருக்கும். நிரப்பிய பாட்டிலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடுமானவரை ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டாமல் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் மாதிரி கொடுக்கலாம். எடுக்கும் நேரத்தை ஊராட்சிச் செயலருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். அவர் வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்பதையும் கடிதத்தில் எழுதலாம்.

மாதிரி எடுக்கும்போதே ஒவ்வொரு இடத்திலும் எஞ்சிய குளோரினை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான சிறு கருவி ஊராட்சியிடம் இருக்க வேண்டும். குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியருகே குளோரின் இருந்து, உங்கள் தெருவில் இல்லையென்றால், நடுவழியில் ஏதோ அதைத் தின்றுவிடுகிறது என்று பொருள். புகார் போன மறுநாளே தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அதிகமாகக் கலந்துவிட்டால், பிறகு எடுக்கும் மாதிரி தூய்மையாகவே வரும். அதனால்தான் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்பது முடிவைப் போலவே முக்கியம்.

இனி நோய்த் தேதிகள். உங்கள் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படுவது மஞ்சள் காமாலையைப் பற்றித்தான். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வெளிப்படும். ஆகவே 3ஆம் தேதி நீர் கெட்டு 4 முதல் 9க்குள் 17 பேர் பாதிக்கப்பட்டது பொருந்திவருகிறது. நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வெளிப்படுவதற்கோ 15 முதல் 50 நாட்கள் ஆகும். 3ஆம் தேதி வந்த நீரைக் குடித்து 8ஆம் தேதி காமாலை வந்தது என்று எழுதினால், முதல் விசாரணையிலேயே சுகாதாரத் துறை மருத்துவர் அதைத் தள்ளிவிடுவார். மற்ற 17 பேரின் குறிப்பும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும். அதே நேரத்தில், ஜூலை கடைசியில் தெரு தோண்டப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் சுமார் ஆறு வாரம் வருகிறது. அப்போதே குழாய் சேதமாகி, நாற்றம் தெரியாத அளவில் கழிவுநீர் கசிந்திருக்கலாம். இது ஐயமே தவிர நிரூபணம் அல்ல. எனவே காமாலையைத் தனிப் பத்தியில், காய்ச்சலோ வாந்தியோ முதலில் தொடங்கிய நாளுடனும் ரத்தப் பரிசோதனை முடிவுடனும் எழுதி, தோண்டிய நாளையும் குறிப்பிட்டு, தொடர்பை விசாரிக்கும்படி கேளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு பட்டியல் இணையுங்கள்: வீட்டு எண், வயது, அறிகுறி தொடங்கிய நாள், சிகிச்சை பெற்ற இடமும் நாளும், குடித்தது எந்தக் குழாய் நீர். நோயுற்ற நாளும் மருத்துவமனைக்குப் போன நாளும் வேறு வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிச் சீட்டு இல்லாதவர்களைச் "சீட்டு இல்லை" என்றே குறியுங்கள். நோயுறாத வீடுகளையும் சேருங்கள். கேன் தண்ணீர் குடித்த வீடுகளில் யாருக்கும் வரவில்லையென்றால், அதுவே உங்கள் பக்கத்தின் நல்ல சாட்சி. மருத்துவச் சீட்டுகளின் நகல்களை உரியவர்களின் சம்மதத்துடன் மட்டும் இணையுங்கள்.

கடிதத்தின் மையப் பத்தி இவ்வளவு எளிமையாக இருந்தால் போதும்: "செப்டம்பர் 3 முதல் எங்கள் தெருக்குழாயில் கலங்கலும் நாற்றமும் உள்ள நீர் வருகிறது. 4 முதல் 9ஆம் தேதி வரை, இணைப்பு 1இல் கண்டவாறு, அந்த நீரைக் குடித்த 17 பேர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். இணைப்பு 2இல் உள்ள ஆய்வறிக்கைகள் எடுத்த இடத்தையும் நேரத்தையும் காட்டுகின்றன. ஜூலை இறுதியில் தோண்டிய இடத்தில் குழாயில் கழிவுநீர் கலக்கிறது என நம்புகிறோம்." யார் மீதும் பெயர் சொல்லிக் குற்றம் சுமத்த வேண்டாம்.

நம் மாவட்டத்தில் ஃபுளோரைடும் நினைவுக்கு வருவது இயல்பு. அறிக்கையில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் வேறு மனுவாகக் கொடுங்கள். அது இந்த வயிற்றுப்போக்குக்குக் காரணம் அல்ல, இரண்டையும் கலந்தால் இதன் அவசரம் மங்கிவிடும்.

கடிதத்தைக் கிராம ஊராட்சிக்கே முதலில் எழுத வேண்டும். தலைவர் பொறுப்பில் இல்லாத காலத்தில் தனி அலுவலருக்கு. ஒகேனக்கல் நீர் வந்தாலும், வாரியம் மொத்தமாக வழங்கும் நீரைத் தெருக்களுக்குப் பகிர்வது ஊராட்சி. குடிநீர்ப் பணிகளைப் பராமரிக்கும் கடமையைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 110ஆம் பிரிவு அதன்மேல் வைத்துள்ளது. நகல்களை வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), வாரியப் பொறியாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மாவட்ட ஆட்சியர் ஆகியோருக்குக் கொடுங்கள். ஆட்சியருக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ஒப்புகை பெறலாம். ஊராட்சியில் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் இல்லாமல் திரும்பாதீர்கள்.

கோரிக்கைகளைக் காலத்தோடு கேளுங்கள்: 24 மணி நேரத்தில் அந்தக் குழாயில் விநியோகத்தை நிறுத்தி லாரித் தண்ணீர் தர வேண்டும், குழாயைச் சீரமைத்து உங்கள் முன்னிலையில் மறுமாதிரி எடுக்க வேண்டும், ஏழு நாட்களில் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். இழப்பீட்டுத் தொகை எதுவும் இப்போது எழுத வேண்டாம். அதைப் பின்னர் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி போதும்.

அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தொட்டி கழுவிய பதிவேட்டையும் குளோரின் பதிவேட்டையும் கேட்டு விண்ணப்பியுங்கள். அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு பொருட்களின் சான்றிட்ட மாதிரியைப் பெறும் உரிமையையும் தருகிறது. பதில் சாதாரணமாக 30 நாளில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்று காரணத்துடன் கேட்டால் 48 மணி நேரத்தில்.

பதிலே வராவிட்டால், தேதி முத்திரையிட்ட இந்தக் கடிதமே அடுத்த படிக்கு அடித்தளம். கடமையைச் செய்யும்படி ஆணையிடச் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதற்கு, முன்பே கோரிக்கை வைத்ததைக் காட்ட வேண்டும். தூய நீர் பெறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவிலுள்ள வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியுள்ளது. நிதி இல்லை என்பது உள்ளாட்சிக்கு விலக்கு ஆகாது என்பது 1980ஆம் ஆண்டு ரத்லாம் நகராட்சி வழக்கின் தீர்ப்பு. செலவில்லாத வழியாக, பொதுப் பயன்பாட்டுச் சேவையான குடிநீர் பற்றி நிரந்தர மக்கள் நீதிமன்றத்தையும் அணுகலாம். ஆனால் அதற்கு முன் இதே தகராறை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி கேட்கலாம். ஆய்வறிக்கையின் அசலையும் சீட்டுகளின் அசலையும் எவரிடமும் கொடுத்துவிடாமல், எங்கும் நகலையே தாருங்கள்.