நான்கு துண்டுகளும் இருந்தும் ஜிப் ஏன் திறக்கவில்லை?

“data.zip.001 முதல் 004 வரை எல்லாம் இறக்கிட்டேன். திறந்தா பிழைன்னு வருது. ஃபைலே கெட்டுப்போச்சா?”

பெரும்பாலும் ஏதோ ஒரு துண்டில்தான் கோளாறு இருக்கும். முதலில் ஒவ்வொன்றின் Properties-ஐத் திறந்து, Size வரியில் பைட் கணக்கைப் பாருங்கள். 500 எம்பியாக வெட்டியிருந்தால் 001, 002, 003 மூன்றுமே 52,42,88,000 பைட் காட்ட வேண்டும். கடைசித் துண்டு மட்டும் சிறியதாக இருக்கலாம். நடுவில் ஒன்று ஒரு பைட் குறைந்தாலும் அது பாதியில் அறுந்த இறக்கம். ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருப்பதால், நடுவில் குறைந்தால் அந்தக் குறைவுக்குப் பிறகு அது குறித்துவைத்த இடங்கள் எல்லாமே தவறிவிடும்.

ஒரு துண்டு வெறும் சில கேபி என்றால் அதை நோட்பேடில் திறங்கள். `<!DOCTYPE html>` என்று தொடங்கினால், கோப்புக்குப் பதில் தளத்தின் பிழைப் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஜிப் கோப்பு `PK` என்ற எழுத்துகளில் தொடங்கும்; அவற்றை 001-இன் தொடக்கத்தில் மட்டும் தேடுங்கள். மற்றவை வெறும் தொடர்ச்சிதான்.

கெட்ட துண்டை மட்டும் மீண்டும் இறக்கினால் போதும். ஆனால் பழையதை முதலில் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் பிரவுசர் `data.zip (1).003` என்று பெயர் வைத்துவிடும், அது வரிசையில் சேராது. பிறகு நான்கையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, 001-ஐ மட்டும் 7-Zip-இல் Extract கொடுங்கள். விண்டோஸின் சொந்த வசதி இந்த வகைத் துண்டுகளைச் சேர்க்காது.