பித்ரி அசல், பழமை பொய்: கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன்பு ஐதராபாத்தில் ஒரு பழம்பொருள் கடையில் 85,000 ரூபாய் கொடுத்து, கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதித்த ஒரு பித்ரி ஹூக்காவின் அடிக்குடத்தை வாங்கினேன். நிஜாம் காலத்தது, 150 வருடம் பழையது என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். ரசீதில் "பழைய பித்ரி ஹூக்கா" என்று மட்டும் இருக்கிறது. அண்மையில், பித்ரி வேலைக்குப் பெயர்போன கர்நாடகத்தின் பீதரைச் சேர்ந்த ஒரு கைவினைஞர் அதைப் பார்த்துவிட்டு, வேலை அசல்தான், ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் இருக்காது என்கிறார். ரசீதில் அச்சிட்டிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் இதைத் தன்னுடன் கொண்டுபோக விரும்புகிறான். நான் என்ன செய்யலாம்? – கோவை வாசகர்

பதில்: உங்கள் வழக்கில் பொருள் போலி என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. அது பித்ரிதான். துத்தநாகத்தில் சிறிதளவு செம்பு கலந்து மணல் அச்சில் வார்த்து, மயில்துத்தக் கரைசல் பூசித் தற்காலிகமாகக் கறுப்பாக்கி, அந்தக் கறுப்பின்மேல் கையால் கோடு கீறி, உளியால் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியை அந்தப் பள்ளத்தில் அடித்து இறக்கி, பிறகு பீதர் கோட்டையின் மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசி நிலையான கறுப்பை வரவழைக்கும் அந்த வேலை இன்றும் பீதரில் அதே முறையில் நடக்கிறது. ஆகவே சரியான முறையில் செய்யப்பட்டிருப்பது எதையும் பழமைக்குச் சான்றாக்காது. நீங்கள் ஏமாந்தது வயது பற்றிய வர்ணனையில். மனு முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் நிற்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இத்தகைய புகார்களில் பலர் முதலில் செய்வது துத்தநாகமா அலுமினியமா, கறுப்பு பெயின்ட்டா என்ற சோதனைகள்தான். மலிவான நகல்களுக்கு அவை போதும். எடையைக் கிராமில் எடுத்து, நீரில் அமிழ்த்தி வெளியேறும் நீரின் மில்லிலிட்டர் அளவால் வகுத்தால், துத்தநாக உடலுக்கு ஏறத்தாழ 7 வரும், அலுமினியத்துக்கு 2.7 தான் வரும். அசல் கறுப்பு உலோகத்தின் மேற்பரப்பிலேயே உருவானது என்பதால் நகப்பூச்சு அகற்றியில் நனைத்த பஞ்சில் ஒட்டாது. வண்ணப்பூச்சு ஒட்டும். உங்கள் குடம் இரண்டு சோதனையிலும் தேறிவிடும். அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா அசல்தான் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவதற்கு நீங்களே வழி செய்து கொடுத்துவிடக் கூடாது.

வயதைக் காட்டும் தடயங்கள் வேறு. நீங்கள் அனுப்பிய படங்களில் என் கண்ணில் பட்டவற்றுள் மிக வலுவானது குடத்தின் உட்புறம். ஹூக்காவின் அடிக்குடம் நாள்தோறும் நீர் நிறைத்து வைக்கப்பட்ட பாத்திரம். துத்தநாகத்தில் ஆண்டுக்கணக்கில் நீர் நின்றால் வெண்மையான சுண்ணாம்பு போன்ற அரிப்பு படியும், நீர்மட்டத்தில் ஒரு வளையமும் தெரியக்கூடும். உங்கள் குடத்தின் உள்ளே டார்ச் அடித்து எடுத்த படத்தில் வார்ப்பின் சாம்பல் நிறம் அப்படியே பளிச்சென்று இருக்கிறது. அந்தக் குறுகிய கழுத்தின் வழியே கையை விட்டு அரிப்பு முழுவதையும் தேய்த்து எடுப்பது எளிதல்ல. பழைய பொருளானாலும் பயன்படாமல் அலமாரியில் இருந்திருக்கலாம் என்று கடைக்காரர் பதில் சொல்வார். அந்தப் பதிலையும் எதிர்பார்த்தே நாம் எழுத வேண்டும்.

அடுத்தது தேய்மானம். கைபிடிக்கும் கழுத்தும் தரையில் படும் அடிவிளிம்பும் மற்ற இடங்களைவிட அதிகம் தேய்ந்து, கறுப்பு மங்கிச் சாம்பல் தெரிவது பயன்பாட்டின் இயல்பு. உங்கள் குடத்தில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய பித்ரியையும் மண்ணும் நவச்சாரமும் வைத்து மறுபடி கறுப்பேற்றுவது வழக்கமான செய்கை என்பதால், கறுப்பு புதிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பொருளும் புதிது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வெள்ளி விஷயமும் இப்படித்தான். உங்கள் குடத்தில் இதழ்கள் மெல்லிய கம்பியால் வெறும் ஓரக்கோடாக வரையப்பட்டிருக்கின்றன, இது தார்க்கஷி. இதழ் முழுவதையும் ஆழமாக வெட்டி வெள்ளித் தகட்டை நிரப்பும் தெஹ்நிஷான் வேலையில் வெள்ளி அதிகம் செலவாகும் என்பதால், சிக்கனம் கருதி இன்று கம்பி வேலையே மிகுதி. ஆனால் கம்பி வேலை பழைய காலத்திலும் இருந்தது. எனவே இது சந்தேகத்தை வலுப்படுத்தும், முடிவைத் தராது. கம்பி உதிர்ந்துபோன இரண்டு இடங்களை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் படம் எடுத்து வையுங்கள். பள்ளத்தின் தரையில் உளித் தடம் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கிறதா, அழுக்கும் அரிப்பும் ஏறி மழுங்கியிருக்கிறதா என்பதை ஒரு நிபுணர் அதில் படித்துவிடுவார்.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் உலோகக் கலவையைப் படிக்கலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். அதற்குப் பொருளை வெட்டத் தேவையில்லை. பழைய முறையில் காய்ச்சி எடுத்த துத்தநாகத்தில் காரீயம் ஓரளவு கலந்திருப்பது வழக்கம். மின்னாற்பகுப்பால் எடுக்கும் மிகத் தூய துத்தநாகம் தொழில் அளவில் வந்தது 1915 வாக்கில்தான். ஆகவே காரீயமே அநேகமாக இல்லாத உலோகம் 150 ஆண்டுப் பழமைக்கு எதிரான நல்ல சான்று. காரீயம் இருந்தால் மட்டும் அது பழையது என்று ஆகிவிடாது. பழைய உலோகத்தை உருக்கி இன்றும் வார்க்கலாம். மேலும் இந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், கறுப்பு இல்லாத இடத்தில், அதாவது குடத்தின் உள்விளிம்பில் வைத்துத்தான் அளக்கச் சொல்ல வேண்டும்.

இத்தனை தடயங்களையும் நீங்களே வாதாட வேண்டியதில்லை. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்பதைச் சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்திருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்துவரும் கைவினைப் பொருள் தொல்பொருள். அந்தச் சட்டத்தின் தேவைகளுக்காக அப்படி ஒரு கேள்வி எழுந்தால், பிரிவு 24-இன்கீழ் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர், அல்லது அவர் அதிகாரம் அளித்த இயக்குநர் நிலைக்குக் குறையாத அலுவலர் தரும் முடிவே இறுதியானது. கைவினைப் பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்காக அத்துறை "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழையும் தருகிறது. உங்கள் மகன் கொண்டுபோக விரும்புவதால் அதற்கு விண்ணப்பிக்க உங்களுக்கு இயல்பான காரணமே இருக்கிறது. அது எப்போது செய்யப்பட்டது என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது. உங்களுக்கு அது தேவையுமில்லை. 100 ஆண்டு ஆகாத பொருள் 150 ஆண்டுப் பொருளாக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அதே சட்டத்தின் பிரிவு 5, உரிமம் இல்லாமல் தொல்பொருள் விற்கும் தொழிலை நடத்தக் கூடாது என்கிறது. இது உங்களுக்கு மிகவும் பயன்படும். நீங்கள் அனுப்பும் சட்ட அறிவிப்பில் அவருடைய வாட்ஸ்அப் வரியை அப்படியே எடுத்தெழுதி, அவருடைய தொல்பொருள் உரிம எண்ணையும் இந்தக் குடத்துக்கான பதிவேட்டுக் குறிப்பையும் 15 நாட்களுக்குள் தருமாறு கேளுங்கள். பொருள் 150 ஆண்டுப் பழையது என்று அவர் நின்றால், உரிமத்தைக் காட்ட வேண்டும். உரிமம் தேவையில்லை, இது தொல்பொருளே அல்ல என்று பதில் எழுதினால், உங்களிடம் பொய் சொன்னதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டவராகிறார். பதிலே அனுப்பாமல் இருந்தாலும் அந்த மௌனத்தை நுகர்வோர் ஆணையத்தின் முன் சுட்டிக்காட்டலாம்.

அறிவிப்புக்கு உரிய பதில் வராவிட்டால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் தாக்கல் செய்ய பிரிவு 34 இடம் தருவதால் ஐதராபாத்துக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணமும் இல்லை. பழைய பொருளைப் புதிதென்று விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறையாக அந்தச் சட்டம் தனியே குறிப்பிடுகிறது. புதியதைப் பழையதென்று விற்பதற்கு அப்படித் தனி வரி கிடையாது என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆயினும் பொருளின் தரம், பாணி பற்றிய பொய்யான கூற்று என்ற பிரிவு 2(47)-இன் முதல் வகைக்குள் உங்கள் குறை அடங்கும் என்பது என் கருத்து. திரும்பப் பெற மாட்டோம் என்ற அச்சு வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுப்பதையே அதே பிரிவு நேர்மையற்ற நடைமுறை என்கிறது. குடத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி, 85,000 ரூபாயை வட்டியுடனும் இழப்பீட்டுடனும் கேளுங்கள்.

காலக்கெடுவில் கவனமாக இருங்கள். பிரிவு 69 தருவது 2 ஆண்டுகள். உண்மை எனக்கு இப்போதுதான் தெரிந்தது, அன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்காராமல், வாங்கிய நாளிலிருந்தே எண்ணி, மீதமுள்ள பத்து மாதங்களுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். தொல்லியல் துறையின் சான்றிதழ் வரத் தாமதமானால் விண்ணப்ப ரசீதை இணைத்து மனு கொடுத்து, சான்றிதழைப் பின்னர் தாக்கல் செய்யலாம்.

ரசீதில் உள்ள "பழைய" என்ற சொல் எதையும் குறிக்கலாம். முப்பது ஆண்டுப் பொருளும் பழையதுதான். எனவே உங்கள் வழக்கின் உயிர் அந்த வாட்ஸ்அப் செய்திதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், செய்தி வந்த கைபேசியையும் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக்க, 2023 ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63-இன்கீழ் ஒரு சான்றுரையும் தயாரிக்க வேண்டும். பீதர் கைவினைஞர் தம் கருத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தர முன்வந்தால் பெரிதும் உதவும். அவர் எந்தத் தடயங்களைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது அதில் இருக்க வேண்டும். வெறும் முடிவுக்கு எடை குறைவு.

மோசடி என்று காவல் நிலையத்துக்குப் போவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். விற்ற அன்றே அவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதை நீங்கள் நிறுவ வேண்டியிருக்கும். இந்த வணிகத்தில் கைமாறி வந்த கதையைத் தாமும் நம்பி விற்பவர்கள் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் அவருடைய மனநிலையை நிறுவும் சுமை உங்களுக்கு இல்லை.

தொல்லியல் துறை இதைத் தொல்பொருள் என்றே முடிவு செய்தால், கடைக்காரர் வயது பற்றிச் சொன்னது உண்மையாகிறது; வயதை வைத்து நீங்கள் பணம் கேட்க முடியாது. அப்போது மகன் அதைக் கொண்டுபோகவும் கூடாது. தொல்பொருளை அனுமதியின்றி ஏற்றுமதி செய்வதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறையும் அபராதமும் உண்டு. தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வந்தால் சட்டப்படி எடுத்துச்செல்லலாம்தான். ஆனால் குடமே இந்த வழக்கின் முதன்மைச் சான்று. ஆணையம் அதை ஆய்வுக்கு அனுப்பக் கேட்கலாம். பணம் திரும்பக் கிடைக்கும்போது கடைக்காரரிடம் ஒப்படைக்கவும் வேண்டும். எனவே வழக்கு முடியும்வரை அது கோவையிலேயே இருக்கட்டும். எண்ணெய் தேய்க்கவோ, வெள்ளிப் பாலிஷ் போடவோ, உள்ளே நீர் விட்டுக் கழுவவோ வேண்டாம். இன்று இருக்கும் நிலையிலேயே பருத்தித் துணியில் சுற்றி, எடுத்த படங்களின் தேதியைக் குறித்து வையுங்கள்.