கேபிள் டிவியிலும் கைப்பேசியிலும் ஒரே எழுத்து: கொடை விழாப் படத்துக்கு ஓரமும் அளவும்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடையை 1920 × 1080 அளவில் படம்பிடித்து, வில்லுப்பாட்டு வரிகளைக் கீழே எழுத்தாகப் போட்டிருக்கிறேன். உள்ளூர் கேபிளில் ஓடியபோது ஆச்சி வீட்டுப் பழைய டிவியில் வரியின் இரு முனைகளும் வெட்டுப்பட்டன. மும்பையில் இருக்கும் சொந்தக்காரர்கள் கைப்பேசியில் பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டிகள் வரும் இடத்தில் எழுத்தே தெரியவில்லை என்கிறார்கள். எவ்வளவு ஓரம் விட வேண்டும், எழுத்து என்ன அளவில், என்ன நிறத்தில் இருக்க வேண்டும்? (அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர்)

பதில்: வெட்டு ஒன்றல்ல, இரண்டு, இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். முதல் வெட்டு, படக்குழாய் வைத்த பழைய பெட்டியின் இயல்பு. மின்னழுத்தம் இறங்கினாலும் பெட்டி பழசானாலும் படம் சுருங்கி ஓரத்தில் கறுப்பு தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே விழும்படி அமைத்தார்கள். அதனால் நான்கு பக்கமும் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எவ்வளவு மறையும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதால், எழுத்து எதுவும் ஒவ்வொரு ஓரத்திலும் 10 சதவீதம் உள்ளே தள்ளியே நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஒளிபரப்பு வழக்கம். தட்டைத் திரை வந்த பிறகு இதை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்; உங்கள் மென்பொருளில் தெரியும் பாதுகாப்புக் கோடு இந்தப் புதிய அளவில் இருந்தால் அது ஆச்சி வீட்டுக்குப் போதாது.

இரண்டாவது வெட்டு கேபிள் பெட்டியில் நடக்கிறது. உங்கள் படம் 16:9; பழைய டிவி 4:3. அகலப் படத்தை அந்தத் திரையில் காட்டச் செட்டாப் பாக்ஸுக்கு மூன்று வழிகள் உண்டு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் சிறிதாக்கலாம். இடமும் வலமும் வெட்டி நடுப்பகுதியை மட்டும் காட்டலாம். அல்லது அகலத்தை நெருக்கி ஆட்களை ஒல்லியாகவும் நெட்டையாகவும் ஆக்கிவிடலாம். நடுப்பகுதியை மட்டும் காட்டும் வழியில் 1920 பிக்சல் அகலத்தில் 1440 தான் மிஞ்சும், அதாவது ஒவ்வொரு பக்கமும் 240 பிக்சல் போய்விடும். மிஞ்சிய 1440இலும் முதல் வெட்டுக்காக ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம், அதாவது 144 பிக்சல் விட வேண்டும். இரண்டையும் கூட்டினால் 384. இது முழு அகலத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே இடமும் வலமும் 20 சதவீதம், மேலும் கீழும் 10 சதவீதம் (108 பிக்சல்) என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 1152 பிக்சல்.

இந்த அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள், மிஞ்சினால் நான்கு சொற்கள்தான் பிடிக்கும். பாடகர் ஒரே மூச்சில் பாடுவதை ஒரே வரியில் அடைக்கும் ஆசையை விட்டுவிட்டு இரண்டு வரியாக உடையுங்கள். குடத்தின் தாளம் விழும் இடத்தில் உடைத்தால் படிப்பவருக்கும் இடறாது. உடைக்க மனமில்லாமல் எழுத்தைச் சிறிதாக்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

எழுத்தளவுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துருவின் எண்ணை நம்ப முடியாது, ஏனென்றால் ஒரே 60 பிக்சலில் ஓர் எழுத்துரு தடித்தும் இன்னொன்று மெலிந்தும் நிற்கும். பழைய டிவியில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. கறுப்புப் பட்டை விட்டுக் காட்டும்போது உங்கள் படத்தின் 1080 வரிசைகள் அவற்றில் 432 கோடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன; அதாவது நீங்கள் வைக்கும் 5 பிக்சல் அங்கே 2 கோடு. மேலும் அந்தப் பெட்டி கோடுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாற்றி மாற்றி வரைவதால், ஒரே ஒரு கோட்டு உயரமுள்ள எதுவும் நொடிக்கு 25 முறைதான் வரையப்பட்டுத் துடிக்கும். ட, ப, ம ஆகியவற்றின் அடிக்கோடு மெல்லிய எழுத்துருவில் மினுமினுப்பதற்குக் காரணம் இதுதான். எனவே புள்ளியின் உயரம், புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள வெளி, ட-வின் அடிக்கோட்டுத் தடிமன் ஆகிய மூன்றும் 5 பிக்சலுக்குக் குறையக் கூடாது; 6 இருந்தால் நிம்மதி. படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பிக்சலை எண்ணிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நேரான எழுத்துருவில், மீடியம் அல்லது செமிபோல்ட் தடிமனில், 64 பிக்சலில் தொடங்கி, இந்தச் சோதனையில் தேறும்வரை ஏற்றிக்கொண்டே போகலாம். அதற்குமேல் தடித்த வகைக்குப் போகாதீர்கள். ண, ன, ஊ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வரி இடைவெளியையும் தாராளமாக வையுங்கள், ஏனென்றால் மேல்வரியில் தொங்கும் ‘ழு’வின் வாலும் கீழ்வரியில் எழும் ‘கீ’யின் சுழியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்.

புள்ளி மட்டுமல்ல, சுழியும் போகும். பல ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த ஒரு கொடைப் படத்தில் ‘கீழத்தெரு’ வரிக்காரர்கள் பெயர்ப்பட்டியல் 40 பிக்சலில் ஓடியது. என் கணினியில் பளிச்சென்று தெரிந்தது. வீடுகளில் அது ‘கிழத்தெரு’ ஆகிவிட்டது. அந்தத் தெருவில் நான் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

கைப்பேசிதானே சிறியது, அதற்காகத்தானே எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று தோன்றலாம். உண்மையில் கடினமான திரை டிவிதான். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் உங்கள் படம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். 64 பிக்சல் எழுத்து அதில் 2.25 மில்லிமீட்டர், பார்ப்பது ஓரடித் தொலைவில். 21 அங்குல டிவியில் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே படத்தின் உயரம் சுமார் 23 சென்டிமீட்டர். அதே எழுத்து அங்கே 13.6 மில்லிமீட்டர், ஆனால் பார்ப்பவர் மூன்று மீட்டருக்கு அப்பால் கட்டிலில் இருக்கிறார். கண்ணுக்குத் தோன்றும் அளவில் டிவி எழுத்து, கைப்பேசி எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். டிவியில் தேறிய அளவு கைப்பேசியிலும் தேறும். கைப்பேசியின் சிக்கல் வேறு: வெயிலில் பார்க்கும்போது திரையின் மாறுபாடு குறைகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் அழுத்தப்பட்டு எழுத்தின் விளிம்பு கலங்குகிறது. இரண்டும் நம்மை நிறத்துக்குக் கொண்டுவருகின்றன.

நிறம் என்று சொன்னாலும் கவனிக்க வேண்டியது வெளிச்ச வேறுபாடுதான். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள் முனை ஏவி கேபிள் வழியாகப் பழைய டிவிக்குப் போகும் படத்தில், வெளிச்சத்தின் நுணுக்கத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் நிறத்தின் நுணுக்கம். நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்து அங்கே கசிந்து கரைந்துவிடும். பச்சைப் பட்டையில் (#008000) சிவப்பு எழுத்து (#FF0000) நம் ஊர்ச் சுவரொட்டிகளில் எடுப்பாகத் தெரியலாம். வெளிச்ச விகிதமோ 1.3 தான், அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். கொடை நோட்டீஸ்களில் வழக்கமான மஞ்சளும் சிவப்பும் 3.7 வரை வரும். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 கேட்கின்றன. கேபிளையும் வாட்ஸ்அப்பையும் கடக்க வேண்டிய எழுத்துக்கு நான் 7 கேட்பேன். அந்தச் சிவப்பை அரக்காக (#800000) இருட்டினால் மஞ்சள் எழுத்து 10-ஐத் தாண்டும், விழாவின் நிறமும் கெடாது.

இனி வெள்ளை வேட்டி. மதியக் கொடையில் உச்சி வெயிலில் வேட்டிகள் முழு வெள்ளையாகவே பதிவாகியிருக்கும். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு வைப்பது எளிய வழிதான், ஆனால் தடித்த விளிம்பு புள்ளியையும் எழுத்தையும் ஒட்டவைத்துவிடும். மெல்லிய விளிம்பு பழைய டிவியில் காணாமல் போகும். எழுத்துக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பட்டையின் அடர்த்தி 50 சதவீதம் என்றால், வெள்ளை வேட்டியின் மேல் அது நடுச் சாம்பலாகத்தான் மாறும். #EBEBEB நிற எழுத்துக்கு விகிதம் 3.3 தான் கிடைக்கும். 70 சதவீதம் வைத்தால் அதே இடத்தில் 7.1 கிடைக்கும். ஆகவே 70. எழுத்தை முழு வெள்ளையாக்காமல் #EBEBEB என்று சொல்வதற்குக் காரணம், படக்குழாயில் மிகப் பளிச்சென்ற வெள்ளை தன் எல்லையைத் தாண்டிப் பூத்து, மெல்லிய சுழிகளை நிரப்பிவிடும். சாமக் கொடைக் காட்சிகளில் பின்னணி இருட்டுத்தான் என்றாலும் பட்டையை எடுக்க வேண்டாம். தீப்பந்தம் எப்போது எழுத்துக்குப் பின்னால் வரும் என்று சொல்ல முடியாது.

ஒளிபரப்புக்குக் கொடுக்கும் முன் ffmpeg என்ற மென்பொருளின் இந்தக் கட்டளையால் படத்தைச் சுருக்கிச் சாம்பல் நிறமாக்கி, கணினியில் 100 சதவீத அளவில், நாலடி தள்ளி நின்று படியுங்கள்.

```
ffmpeg -i kodai.mp4 -vf "scale=768:432,hue=s=0" sothanai.mp4
```

இங்கே படிக்க முடியாதது பழைய டிவியிலும் படிக்க முடியாது. ஆனால் கோடு துடிப்பதும் ஓரம் வெட்டுப்படுவதும் கணினியில் தெரியாது. அவற்றுக்காக நடுவில் ஒரு சரியான வட்டமும், ஓரத்திலிருந்து 5, 10, 15, 20 சதவீதத்தில் எண்ணிட்ட கட்டங்களும் வரைந்த ஒரு படத்தைக் கேபிள் நிலையத்தில் பத்து நொடி ஓட்டச் சொல்லி, ஆச்சி வீட்டில் பாருங்கள். பக்கவாட்டில் 15 என்ற கட்டம் காணாமல் போனால் அங்கே நடுப்பகுதி மட்டும் வெட்டிக் காட்டப்படுகிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் முழுப் படமும் சுருக்கப்படுகிறது. வட்டம் நின்றவாக்கில் முட்டையானால் அகலம் நெருக்கப்படுகிறது. இந்த மூன்றாவது நிலை செட்டாப் பாக்ஸின் அமைப்பில் மாற்றக்கூடியது.

அப்போதே நிலையத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அவர்கள் கீழே ஓடவிடும் விளம்பர வரி எந்த உயரத்தில் வருகிறது என்று. உள்ளூர்ச் சேனல்களில் அது பெரும்பாலும் உங்கள் 108 பிக்சல் ஓரத்துக்கு மேலேயே ஓடும், உங்கள் இரண்டாவது வரியின் மேல் நேராக உட்காரும். அதன் மேல்விளிம்பைக் கணக்கிட்டு, அதற்கு 20 பிக்சல் மேலே உங்கள் பட்டை முடியும்படி கேபிளுக்கென்று ஒரு பிரதியும், கைப்பேசிக்கு வழக்கமான இடத்தில் எழுத்து வைத்த இன்னொரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.